கேரம் போர்டும் முகத்துவாரமும்

தம்பி, நேற்று கரண்ட் போனதால் தீபகற்பம், பீடபூமி, டெல்டா, கழிமுகம் பாடம் பாதியில் நின்றுவிட்டது. "எல்லாம் மனப்பாடம் அக்கா, ஆனா எது எதுன்னுதான் குழம்புது" என்றாயே, அதற்காக எழுதுகிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீ பார்த்ததே போதும்.

காசிமேட்டுக்கு வடக்கே கடலுக்குள் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள் இல்லையா? அதன் நுனியில் போய் நில். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல், எதிரிலும் கடல். வீட்டுக்குத் திரும்ப முதுகுப் பக்கம் மட்டும்தான் வழி. அதுதான் தீபகற்பம். கன்னியாகுமரியில் நிற்பவருக்கும் இதே கதைதான். பெயரில் விளக்கைத் தேடாதே. 'த்வீபம்' என்றால் தீவு, 'கல்பம்' என்றால் ஏறக்குறைய அது போல.

பீடபூமிக்கு உங்கள் தெருமுனை கேரம் போர்டை நினைத்துக்கொள். தரையைவிட உயரம், ஆனால் மேலே தட்டை. இப்போது மேற்குப் பக்கம் ஒரு செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கு. காய்களெல்லாம் கிழக்கே சரியும். தக்காணப் பீடபூமியும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் அரபிக்கடலுக்குப் பக்கத்தில், நாசிக் அருகே பிறக்கும் கோதாவரி அந்தக் கடலை விட்டுவிட்டு, 1,465 கி.மீ. ஓடி நம் வங்கக்கடலுக்கு வருகிறது.

டெல்டாவை மழை நாளில் பார்க்கலாம். மாடிக் குழாயிலிருந்து மண்ணோடு வரும் தண்ணீர் வாசலில் விழுந்ததும் வேகம் குறையும். மண்ணைச் சுமக்கத் தெம்பில்லாமல் இறக்கிவிடும். இறக்கிய மண்ணே வழியை மறிக்கும், தண்ணீர் இரண்டாய், நாலாய்ப் பிரியும், கடைசியில் விசிறி விரித்தது போலக் கிடக்கும். காவிரி கடலை நெருங்கி இதைச் செய்ததில் கிடைத்ததுதான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்து நெல்வயல்.

கழிமுகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தை அங்கே முகத்துவாரம் என்பார்கள். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே போகும். ஒரு வாசலில் இரண்டு பேர் மாறி மாறி வந்து போகிற மாதிரி. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த அந்த உவர்நீரில்தான் இறால் குஞ்சுகள் வளரும். இடுப்பளவு தண்ணீரில், பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் அல்ல, விரலால் பார்க்கிறார்கள். நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழமே குறைந்துபோனது என்று அவர்கள் சொன்னபோது எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு எச்சரிக்கை: சில புத்தகங்களில் டெல்டாவுக்கும் கழிமுகம் என்றே போட்டிருக்கும். கேள்வியில் மண் படிந்து கிளை பிரிவது வந்தால் டெல்டா. ஏற்ற வற்றமும் உவர்நீரும் வந்தால் எண்ணூர். நர்மதையும் தபதியும் எண்ணூர்க் கட்சி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தயாராக இரு, முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போகிறேன்.