முதுமை கூடும் சமூகத்தில் ஓய்வூதியம்: நடப்புச் சந்தாவா, சேமிப்பு நிதியா?

முதியோர் பெருகினால் நடப்புச் சந்தா முறை நொடித்துப்போகும், சேமிப்பு நிதி முறை தப்பிவிடும் என்ற வாதம் பாதிதான் சரி.

நடப்புச் சந்தா முறையில் இன்று உழைப்பவர் கட்டும் பணம் இன்றைய ஓய்வூதியருக்கே போகிறது. ஓர் ஓய்வூதியருக்கு நான்கு உழைப்பாளர், சந்தா 15% என்றால், சராசரிச் சம்பளத்தில் 60% ஓய்வூதியம் தரலாம். உழைப்பாளர் இரண்டு பேரானால் கிடைப்பது 30%. பழைய அளவே வேண்டுமென்றால் சந்தா இரட்டிப்பாக வேண்டும். ஓய்வு வயதை உயர்த்தினால் கட்டுபவர் கூடி, வாங்குபவர் குறைவார்கள். ஜெர்மனி 2031-க்குள் அதை 67 ஆக்குவது இதற்காகத்தான். ஆனால் உடலுழைப்பில் தேய்ந்தவருக்கு அது கடுமையான தண்டனை.

சேமிப்பு நிதி முறையில் ஒவ்வொருவர் கணக்கிலும் பணம் சேர்ந்து பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் முதலீடாகிறது. ஆனால் முதியவருக்கு வேண்டிய அரிசியையும் மருத்துவத்தையும் அன்றைய உழைப்பாளர்தான் தர வேண்டும். விற்கும் முதியோர் பலராகவும் வாங்கும் இளையோர் சிலராகவும் இருந்தால் சொத்தின் விலை இறங்கும். சேமிப்பு உற்பத்தித்திறனை உயர்த்தினாலோ, இளமையான நாடுகளில் முதலீடானாலோ மட்டுமே இந்த நெருக்கடி தளரும்.

நிர்வாகக் கட்டணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரே தொகையை 40 ஆண்டுகள் கட்டி 5% வருவாய் பெறுபவரிடம் 1% கட்டணம் பிடித்தால், இறுதித் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிலி 1981-இல் 10% கட்டாயச் சேமிப்புக்கு மாறியது. முறைசாரா வேலையில் அடிக்கடி சந்தா விட்டுப்போனவர்களின் ஓய்வூதியம் மிகச் சிறியதாக இருந்ததால், 2008-இல் வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் தர வேண்டி வந்தது.

முறை மாற்றத்திலும் ஒரு தலைமுறை இரட்டைச் சுமை தாங்குகிறது: பழைய ஓய்வூதியமும் தர வேண்டும், புதுக் கணக்கிலும் போட வேண்டும். இந்திய மத்திய அரசு 1.1.2004 முதல் பணியில் சேர்ந்தவர்களை, ஆயுதப் படையினர் தவிர, சேமிப்பு நிதி முறையான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வைத்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் பட்ஜெட்டிலிருந்தே போகிறது. புதியவர்களுக்குச் சம்பளத்தில் 14% பங்களிப்பும் கட்ட வேண்டியிருக்கிறது. சந்தை இழப்பை ஊழியர் மட்டும் சுமப்பதை எதிர்த்த போராட்டங்களுக்குப் பின், 1.4.2025 முதல் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதில் 25 ஆண்டுப் பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50% உறுதி. அதைத் தேர்ந்தவர்களின் சந்தை இழப்பில் பெரும்பகுதி மீண்டும் வரி கட்டுவோர் பக்கம் வந்துவிட்டது.

எனக்கு நியாயமாகப் படுவது ஸ்வீடனின் கலவை. சந்தாவான 18.5%-இல் 16% நடப்பு ஓய்வூதியத்துக்கும், 2.5% தனிக் கணக்குக்கும் போகிறது. ஆயுள்காலம் நீள நீள, ஓய்வு பெறும்போது கணக்கிடும் மாத ஓய்வூதியம் தானாகக் குறையும். திட்டம் தர வேண்டிய தொகை அதன் சொத்தை மிஞ்சினால் ஆண்டு உயர்வும் தானாகத் தடைப்படும். 2008 நெருக்கடிக்குப் பின் 2010-இல் அந்த விதி உண்மையிலேயே இயங்கியது. உடனே அரசு ஓய்வூதியர்களின் வருமான வரியைக் குறைத்து, வெட்டின் வலியைத் தணித்தது.