பணியில் சேரவிருக்கும் கவிதாவுக்கு வரவேற்புக் கடிதம்

அன்புள்ள கவிதா,

வணக்கம். ஜூன் 8, திங்கட்கிழமை முதல் நீங்கள் எங்கள் கணக்குப் பிரிவில் சேர்வதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நேர்முகத் தேர்வில் தெரியாத ஒரு கேள்விக்கு, “பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்” என்று நேராகப் பதில் சொன்னீர்கள். உங்கள் மேலாளருக்குப் பிடித்துப்போனது அதுதான்.

அன்று காலை 9.30 மணிக்கு வந்தால் போதும். வரவேற்பறையில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டோம். நானே வந்து அழைத்துச் செல்கிறேன்.

அடையாள அட்டை, படிப்புச் சான்றிதழ்கள், முந்தைய நிறுவனம் தந்த பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் அசலும் ஒரு நகலும் கொண்டு வாருங்கள். அசலைச் சரிபார்த்து அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். எந்த அசலையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. பணி விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லையென்றால் கவலை வேண்டாம். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைக் காட்டுங்கள், கடிதத்தை 30 நாளுக்குள் தந்தால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். சான்றிதழில் ‘மு. கவிதா’ என்றும் வங்கிக் கணக்கில் ‘கவிதா முருகேசன்’ என்றும் இருக்கலாம். நம்மில் பலருக்கு இன்ஷியலால் வரும் சிக்கல் இது. சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தடங்கலில்லாமல் வர, பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பது நல்லது. வேறுபாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். விவரங்களை 20ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டால் முதல் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும்.

வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் நாமினி படிவம் தருவோம். கடைசிப் பக்கத்தில் இருப்பதால் பலர் அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். உங்களுக்குப் பின் உங்கள் வீட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் அது. யார் பெயர், எத்தனை பங்கு, அவர்களின் பிறந்த தேதி என்ன என்று வீட்டில் பேசி முடிவுசெய்துவிட்டு வாருங்கள். பிறகு மாற்றவும் செய்யலாம்.

பணி ஒப்பந்தத்தின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். தகுதிகாண் காலம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் விலக நேர்ந்தால் இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நிதானமாகப் படியுங்கள். புரியாத வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படிவ வேலையெல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் மடிக்கணினியும் நுழைவு அட்டையும் வாங்கிக்கொண்டு உங்கள் பிரிவுக்குப் போகலாம். முதல் வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் ஒரு மூத்த ஊழியர் உங்களுடன் இருப்பார். அந்த வாரம் உங்கள் பெயரில் எந்த வேலைக்கும் கெடு வைக்கவில்லை.

அதற்கு முன் ஏதேனும் கேட்க வேண்டுமென்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை சந்திப்போம்.

அன்புடன்,
மீனாட்சி
மனிதவளப் பிரிவு