வாடிக்கையாளர் இடத்தில் அயற்பணி: சம்பளம், காலம், மேற்பார்வை

நம் ஊழியர் வாடிக்கையாளரின் அலுவலகத்திலோ ஆலையிலோ தொடர்ந்து 15 வேலை நாட்களுக்கு மேல் தங்கி வேலை பார்த்தால் அது அயற்பணி. டெபுடேஷன் என்று நாம் பேச்சில் சொல்வதும் இதையே. ஓரிரு நாள் போய் மெஷினைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவது இதில் சேராது. அதற்குப் பயணப்படி விதிகளே பொருந்தும்.

1. மேற்பார்வை

அயற்பணியில் இருப்பவர் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் நம் ஊழியர்தான். அன்றாடம் எந்த வேலையை முதலில் முடிப்பது, எந்த ஷிஃப்டில் வருவது, வளாகத்தில் எந்தப் பாதுகாப்பு விதியைப் பின்பற்றுவது என்பதை வாடிக்கையாளரின் தளப் பொறுப்பாளர் சொல்வார். விடுப்பு, பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, திரும்ப அழைப்பது ஆகியவை நம் மேலாளரின் அதிகாரம். மதிப்பீட்டுக்குத் தளப் பொறுப்பாளரின் கருத்தைக் கேட்கலாம். மதிப்பெண் போடுவது நம் மேலாளரே.

“அப்படியே இதையும் முடிச்சுக் குடுத்துடுங்க” என்று பணி ஆணையில் இல்லாத வேலை வருவது சகஜம். ஊழியர் மறுத்து வாக்குவாதம் செய்யவும் வேண்டாம், முகத்துக்காக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அன்றே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். மேலாளர் அடுத்த வேலை நாளுக்குள் வாடிக்கையாளரிடம் பேசி முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான வேலையென்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிறுத்திவிடலாம்.

மேலாளர் வாரம் ஒருமுறை தொலைபேசியிலும் மாதம் ஒருமுறை நேரிலும் ஊழியரிடம் பேச வேண்டும். வாடிக்கையாளரை மட்டும் பார்த்துவிட்டு வருவது இதற்கு ஈடாகாது.

2. சம்பளம்

சம்பளத்தை வழக்கமான தேதியில் நாமே தருவோம். வாடிக்கையாளர் பில்லை நிலுவையில் வைத்திருப்பது ஊழியரின் சம்பளத்தைத் தாமதிக்கக் காரணம் ஆகாது. அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதம் அயற்பணிப் படியாக, வார விடுமுறை உட்பட முதல் நாள் முதல் கடைசி நாள் வரை உண்டு. தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால், நான்காம் நாளிலிருந்து அந்த விடுப்பு முடியும்வரை படி கிடையாது. தங்குமிடமும் பயணமும் நிறுவனத்தின் செலவு. ஊதிய உயர்வு மற்றவர்களைப் போலவே உரிய நேரத்தில் வரும்.

கூடுதல் நேர வேலைக்கு மேலாளரின் முன் ஒப்புதல் தேவை. அவரை அணுக முடியாதபோது தளப் பொறுப்பாளரின் மின்னஞ்சல் போதும். நேர அட்டையில் வெள்ளிதோறும் தளப் பொறுப்பாளரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

3. காலம்

ஒரு அயற்பணி அதிகபட்சம் 6 மாதம். ஊழியர் எழுத்தில் சம்மதித்தால் ஒரே ஒருமுறை 3 மாதம் நீட்டிக்கலாம். “இன்னும் ரெண்டு வாரம்தான்” என்று வாய்ச்சொல்லிலேயே மாதக்கணக்கில் இழுப்பதை இந்த விதி ஏற்காது. ஆணையில் உள்ள கடைசி நாளன்று புதிய ஆணை கையில் இல்லையென்றால் ஊழியர் மறுநாள் நம் அலுவலகத்துக்கு வரலாம்.

புறப்படும் முன் 10 நாள், திரும்ப அழைக்கும்போது 7 நாள் அவகாசம் தர வேண்டும். திரும்பியவருக்கு அதே பதவியும் தரநிலையும் உண்டு. அடுத்த 3 மாதம் அவரை மீண்டும் அனுப்பக் கூடாது. உடல்நிலை அல்லது குடும்பப் பொறுப்பு காரணமாக ஒருவர் மறுத்தால் அது மதிப்பீட்டில் இடம்பெறாது.