கடைசித் தவணை கட்டியாச்சு, க்ளோஷர் லெட்டரும் என்.ஓ.சி.யும் வேணும் (லோன் கணக்கு முடியுற நம்பர் 4172)

மேடம் வணக்கம். காலைல போன்ல பேசுனேன்ல, 4172-ல முடியுற கார் லோன், எழுத்துல போட்டு அனுப்புங்க பார்க்குறேன்னு சொன்னீங்க, அதான் எல்லாத்தையும் ஒரே மெயில்ல எழுதிடறேன்.

48 தவணைல கடைசித் தவணை இந்த மாசம் 5ஆம் தேதி என் அக்கவுண்ட்ல இருந்து போயிடுச்சு. 7ஆம் தேதி ஆப்ல பார்த்தப்போ பாக்கி சைபர்னு காட்டுது, ஆனா ஸ்டேட்டஸ் மட்டும் இன்னும் ஆக்டிவ்னே இருக்கு. நடுவுல 19ஆவது தவணை ஒரு தடவ பவுன்ஸ் ஆச்சு, சம்பளம் ரெண்டு நாள் லேட்டு, அடுத்த வாரமே தவணையும் அபராதமும் சேர்த்து கட்டிட்டேன், அந்த ரசீதையும் இதோட வச்சிருக்கேன். இதை ஏன் சொல்றேன்னா அபராதக் கணக்குல ஏதாவது சில்லறை நின்னுட்டு இருந்தா தவணை எல்லாம் முடிஞ்சும் லோன் மூடாம அப்படியே கிடக்கும். அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க மேடம், சொன்ன அன்னைக்கே கட்டிடறேன்.

எனக்கு முதல்ல வேணும்கிறது லோன் முழுசா முடிஞ்சது, பாக்கி எதுவும் இல்லன்னு கணக்கு நம்பரும் முடிஞ்ச தேதியும் போட்ட லெட்டர். "நன்றி, உங்க தவணை வந்துருச்சு"ன்னு வந்த எஸ்.எம்.எஸ். அதுக்கு ஈடாகாது.

அடுத்தது என்.ஓ.சி. இதுல ஒண்ணு கொஞ்சம் கவனமா பாருங்க ப்ளீஸ். என் ஆர்.சி.ல சேசிஸ் நம்பரோட கடைசில இருந்து மூணாவது எழுத்து 8. உங்க லோன் அக்ரிமெண்ட்ல அதே இடத்துல ஆங்கில B-ன்னு டைப் ஆகியிருக்கு. நாலு வருஷமா யாரும் கவனிக்கல, நானும்தான், நேத்து ராத்திரி ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு பார்த்தப்போதான் தெரிஞ்சது. என்.ஓ.சி.யும் அதே B-யோட வந்தா பதிவு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ஆர்.சி.ல இருக்கிற மாதிரியே போட்டு குடுங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். வண்டி மேல இருக்கிற ஹைப்போதிகேஷனை நீக்குற ஃபார்ம்லயும் உங்க கையெழுத்து, சீல் ரெண்டும் ஒரிஜினலா வேணும், ஸ்கேன் காப்பிய நம்பி என்னால அங்க போய் நிக்க முடியாது.

இவ்வளவு அவசரப்படுறதுக்கு காரணம் இருக்கு மேடம். எனக்கு முன்னாடி ஒரு பைக் இருந்துச்சு, வேற இடத்துல வாங்குன லோன், கடைசித் தவணை கட்டுனதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சு விட்டுட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு விக்கப் போனா ஆர்.சி.ல அவங்க பேரு அப்படியே நிக்குது. அந்த ஆபீஸ் வேற இடத்துக்கு மாறிட்டாங்க, பழைய ஃபைல் எங்க இருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல, ரெண்டு மாசம் அலைஞ்சு என்.ஓ.சி. வாங்குறதுக்குள்ள காசோட வந்தவர் வேற வண்டி பார்த்துட்டு போயிட்டார். அந்த அலைச்சல் இந்த தடவ வேணாம். என்னைப் பொறுத்தவரைக்கும் ஆர்.சி.ல உங்க பேரு போற வரைக்கும் இந்த லோன் முடியல.

அப்புறம் லோன் எடுக்கும்போது குடுத்த நாலு செக்கும், ஸ்பேர் சாவியும் திரும்ப வேணும். செக்ல என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு, தொகை எழுதல, அதனால கிழிச்சுட்டோம்னு வாய்ல சொல்லாம கையில குடுங்க. ஆட்டோ டெபிட்டையும் உங்க பக்கம் கேன்சல் பண்ணிடுங்க, பேங்க்லயும் நான் சொல்லி வச்சிட்டேன், மறந்தாப்ல அடுத்த 5ஆம் தேதியும் எடுத்துட்டா திரும்ப வாங்க தனியா ஒரு அலைச்சல்.

என் மச்சான்தான் இதுக்கு ஜாமீன் போட்டது. அவர் இப்போ வீட்டு லோனுக்கு எழுதிக் குடுத்திருக்கார், அவர் ரிப்போர்ட்ல என் கார் லோன் இன்னும் ஓடுறதா வந்திருக்கு, அதை அங்க கேட்டிருக்காங்க. எனக்காக கையெழுத்து போட்டவரோட வீட்டு லோன் இதனால ஒரு நாள்கூட தள்ளிப் போகக் கூடாது மேடம். அதனால ஜாமீன்ல இருந்து அவரை விடுவிச்சதா க்ளோஷர் லெட்டர்லயே ஒரு வரி சேர்த்துடுங்க, கிரெடிட் ரிப்போர்ட்ல எங்க ரெண்டு பேருக்கும் லோன் முடிஞ்சதுன்னு அப்டேட் பண்ணிடுங்க.

இன்சூரன்ஸ் பாலிசில உங்க பேரு இருக்கிறதை நானே எடுத்துக்கறேன், அதுக்கும் இந்த என்.ஓ.சி.தான் கேக்குறாங்க.

சனிக்கிழமை காலைல 10 மணிக்கு ஒரிஜினல் ஆர்.சி., ஐடி கார்டு, 48 தவணையும் இருக்கிற ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துட்டு நேர்ல வரேன். மச்சானும் வரார். பேப்பர்ஸ் அன்னைக்கு ரெடியா இருக்காதுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த மெயிலுக்கே எந்த தேதின்னு போட்டு ஒரு பதில் அனுப்பிடுங்க மேடம், போன்ல வேணாம்.