மூல காரண ஆய்வறிக்கை: இன்சுலின் அளவுப் பிழை, ஆண்கள் மருத்துவ வார்டு

நடந்தது

மார்ச் 12, இரவு 8 மணி. 58 வயது நோயாளிக்குச் சாப்பாட்டுக்கு முன் 12 யூனிட் ரெகுலர் இன்சுலின் எழுதப்பட்டிருந்தது. வார்டுக்கு வந்த குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட். ட்ரேயில் இருந்ததோ 40 யூனிட் குப்பிக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அதில் 12-ஆம் கோடு வரை இழுத்தால் 0.3 மில்லி; 100 யூனிட் குப்பியிலிருந்து அது 30 யூனிட். இரண்டரை மடங்கு.

10.15-க்கு நோயாளிக்கு வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை 46. உடனே 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியாக ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் 118-க்கு வந்தது. விடியும்வரை மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கப்பட்டது. நடந்ததை மனைவியிடமும் மகனிடமும் பணி மருத்துவர் அன்றிரவே மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஏன் நடந்தது

‘சிஸ்டர் கவனிக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஊசி போட்ட செவிலியருக்கு மறுநாள் கொடுத்த மெமோவில் அப்படித்தான் இருக்கிறது. அதே குப்பியையும் அதே ட்ரேயையும் வேறு வார்டுகளைச் சேர்ந்த நான்கு செவிலியர்களிடம் கொடுத்து, 12 யூனிட் எடுக்கச் சொன்னோம். மூன்று பேர் அதே 0.3 மில்லியை இழுத்தார்கள். நான்காமவர் நிறுத்தியதற்குக் காரணம், முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே தவறைப் பார்த்திருந்தார்.

அப்புறம் மருந்தகத்துக்குப் போனோம். 40 யூனிட் குப்பி தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. கணினியில் இரண்டு குப்பிகளுக்கும் ஒரே பெயர்: `INJ REGULAR INSULIN 10ML`. பில் போட்டவருக்கு, தான் மாற்றி அனுப்புகிறோம் என்று தெரிய வழியே இல்லை. சிரிஞ்ச் தனி இண்டென்ட்டில், ஸ்டோரிலிருந்து வருகிறது. குப்பி மாறினால் சிரிஞ்சும் மாற வேண்டும் என்பது யாருடைய வேலையிலும் இல்லை.

இரண்டாவது கையெழுத்து இருந்தது. 26 நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர். ஒருவர் புது அட்மிஷனில் இருந்தார். கையெழுத்தை ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகப் போட்டதாக இருவருமே ஒத்துக்கொண்டார்கள். இது அந்த ஒரு வார்டின் பழக்கம் மட்டுமல்ல.

செய்ய வேண்டியது

மறுபயிற்சி வகுப்பை நாங்கள் முதன்மைத் தீர்வாகப் பரிந்துரைக்கவில்லை. வகுப்பு எடுத்தாலும் அந்த ட்ரே அப்படியேதான் இருக்கும்.

ஏப்ரல் 15-க்குள் உள்நோயாளிகளுக்கு 100 யூனிட் குப்பி மட்டும். சிவப்பு மூடி சிரிஞ்ச் எல்லா வார்டிலிருந்தும் திரும்பப் பெறப்படும். குப்பியோடு ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் மருந்தகமே ஒரே உறையில் அனுப்பும் (பொறுப்பு: தலைமை மருந்தாளுநர்). கணினிப் பெயரில் செறிவு சேர்க்கும் வேலை இந்த வாரமே முடிய வேண்டும். இன்சுலினுக்கு இரண்டாவது சரிபார்ப்பு படுக்கையருகே, ஊசி போடுமுன். இரவு 7 முதல் 9 வரை வார்டுக்குக் கூடுதலாக ஒரு செவிலியர் (பொறுப்பு: நர்சிங் கண்காணிப்பாளர்).

மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். பிழையை அன்றிரவே பதிவு செய்தவர் அதே செவிலியர்தான்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் 40 யூனிட் குப்பி வைத்திருக்கும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது எங்கள் ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்துப்போனால், அங்கே அளவு குறைந்துபோகும். இது அடுத்த கூட்டத்தின் முதல் பொருள்.