அறிக்கையில் இருந்த நேரம், குலை வெட்டிய நேரம் இல்லை

செம்பனைத் தோட்ட நிர்வாகம் ஒன்றுக்குச் செய்துகொண்டிருந்த வேலை அண்மையில் முடிந்தது. அதில் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை மட்டும் இங்கே பகிர்கிறேன். வாடிக்கையாளர் யார், எந்த மாநிலம், எத்தனை ஏக்கர், எந்த ஆலை என்று எதையும் சொல்லமாட்டேன். சதவிகிதம்கூடக் கிடையாது. நான் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களில், லோரி எந்த நாள் வரவில்லை என்று சொன்னாலே யாருடையது என்று பசாரில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பாடத்துக்குத் தேவையில்லாத விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தப் பதிவை அவர்களிடம் முதலில் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

அவர்கள் கேட்ட கேள்வி இது: "குலையெல்லாம் நேரத்துக்குத்தான் ஆலைக்குப் போகிறது, அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. பிறகு ஏன் எண்ணெய்த் தரத்தைப் பற்றி ஆலையிலிருந்து புகார் வந்துகொண்டே இருக்கிறது?"

தோட்டத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். செம்பனைக் குலையை வெட்டியதும், அது கீழே விழுந்து பழம் அடிபட்டதும், பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். அப்படி உண்டாகும் கொழுப்பு அமிலம் கூடக்கூட எண்ணெயின் தரம் இறங்கும். கச்சா பாமாயிலில் அந்த அமிலம் 5 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது சந்தையில் பொதுவான அளவு. அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலையில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். பழுத்த குலையைப் பார்த்து வெட்டுவது ஒரு திறமை. குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்திருக்க வேண்டும் என்பது மலேசிய செம்பனை வாரியத்தின் தர அளவுகோல். ஆனால் எவ்வளவு பார்த்து வெட்டினாலும், வெட்டிய குலை சாலையோரத்தில் கிடந்தால் பயனில்லை.

அவர்களிடம் கைப்பேசிச் செயலி இருந்தது. வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர், பிளாக் எண்ணையும் குலை எண்ணிக்கையையும் தட்டுவார், செயலி நேரத்தைத் தானாகப் போட்டுக்கொள்ளும். ஆலையின் எடைமேடைச் சீட்டிலும் நேரம் இருக்கும். இரண்டையும் கழித்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். எல்லாம் நேரத்துக்குள் என்று திரை முழுக்கப் பச்சை நிறம். இதைவிடப் பெரிய திரை ஒன்று வாங்கலாமா என்ற பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

நான் முதலில் கேட்டது, அந்த எண்ணை யார், எங்கே உட்கார்ந்து தட்டுகிறார் என்று. அலுவலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்தே ஒரு மண்டோருடன் இருந்தேன்.

தோட்டத்தில் அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். வியர்வையில் ஊறி ஓரமெல்லாம் சுருண்டுபோன நோட்டு, பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது. ஒவ்வொரு வரியிலும் பிளாக் எண், வெட்டியவரின் எண், குலை எண்ணிக்கை. சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம். அது என்ன என்று கேட்டேன். "லோரி ஏத்தாம விட்டது தம்பி. நாளைக்குத்தான் போகும்" என்றார். செயலியில் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "இங்க ஏது லைன்? வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, சாப்பிட்டு, அப்புறம்தான் அடிப்பேன்."

விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு வெட்டிய குலைக்கு இரவு எட்டு மணி என்று பதிவாகிறது. பன்னிரண்டு மணி நேரம் காணாமல் போகிறது. வட்டம் போட்ட குலைகளின் நிலை இதைவிட மோசம். லோரியில் ஏறிய எண்ணிக்கையும் செயலியின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்று தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணி கேட்பார். அதனால் மிச்சக் குலைகளை லோரி வருகிற நாளில்தான் சேர்ப்பார்கள். சனிக்கிழமை மதியம் வெட்டி, ஞாயிறு முழுக்கக் கிடந்த குலை, அறிக்கையில் திங்கட்கிழமைக் குலையாகிவிடும். பொய் எழுதியவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன்னிடம் கேட்ட கணக்கைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி எந்த வேலையை எடுத்தாலும் திரையை வடிவமைப்பதற்கு முன் நான் செய்யப்போவது இதுதான்: முக்கியமான எண் ஒவ்வொன்றும் முதன்முதலில் எழுதப்படும் இடத்துக்குப் போய், எழுதும் கையைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், யார் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று எழுதுகிறார் என்ற மூன்றும் தெரியாமல் ஒரு சராசரியைக்கூட நம்பக்கூடாது. மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உண்மையை மறைத்தது அதுதான்.

தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. லைன் இல்லாத இடத்திலும் சேமித்துவைத்து, பிறகு அனுப்பும்படி செயலியை மாற்றச் சொன்னோம். வெட்டிய நேரம், பதிவு செய்த நேரம் என்று இரண்டு தனித் தனிக் கட்டங்கள். 555 நோட்டில் இருந்த அந்த வட்டத்துக்கும் ஓர் இடம்: ஏற்றாமல் விட்ட குலை எத்தனை, ஏன்? மழையா, சாலை சேறா, லோரி வரவில்லையா என்று மூன்று பொத்தான்கள். நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நிறுத்துவது முட்டாள்தனம் என்பது என் கருத்து. மழையிலும் வேலை செய்கிற, சார்ஜ் தீராத பதிவு அது.

இதைவிடக் கடினமாக இருந்தது மேலாளர்களோடு நடந்த பேச்சு. உண்மையான நேரம் பதிவாக ஆரம்பித்த முதல் வாரமே திரை சிவப்பாகும். அன்றைக்குப் பெரட்டில் மண்டோரைத் திட்டினால், மறுவாரம் திரை மறுபடியும் பச்சையாகிவிடும், குலை மட்டும் அதே சாலையோரத்தில் கிடக்கும். அதனால் புதிய கட்டங்களைத் திறப்பதற்கு முன்பே ஓர் உறுதி கேட்டோம்: முதல் சில மாதங்களுக்கு அந்த எண்ணை வைத்து யாரையும் கேள்வி கேட்கக்கூடாது, லோரி அட்டவணையைச் சரிசெய்ய மட்டும் பயன்படுத்த வேண்டும். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பெரட்டில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லவும் செய்தார்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அந்தத் துணிச்சலுக்காக அவர்கள் பெயரைச் சொல்லிப் பாராட்ட ஆசைதான், ஒப்பந்தம் இடம் கொடுக்காது.

நிலைத்தன்மையான பாமாயிலுக்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் ஆனதிலிருந்து, தோட்டங்களில் பதிவேடுகள் கூடியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் தணிக்கைக்காக நிரப்பும் படிவமும் வேலையை நடத்த உதவும் படிவமும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தும்போது, அது யாருக்காக எழுதப்பட்டது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

தோட்டத்திலோ ஆலையிலோ போக்குவரத்திலோ இருக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி: லைன் கிடைக்காத பிளாக்குகளில் வெட்டிய நேரத்தை எப்படிப் பதிகிறீர்கள்? குலைக் காம்பில் தொழிலாளி எண்ணோடு தேதியையும் சேர்த்து எழுதுகிற இடங்கள் உண்டா? அது நடைமுறையில் நிலைத்ததா? பெயர் சொல்லாமலே எழுதுங்கள், போதும்.

#செம்பனை #தோட்டத்தொழில் #தரவுத்தரம் #மலேசியத்தமிழர்