கார் ஷெட் தனி வாடகைக்கு: கட்டணம், விதிகள், ஒப்பந்தம்

எங்கள் வீட்டின் இடப்புறமுள்ள, ஷட்டர் போட்ட கார் ஷெட்டை மட்டும் தனியாக வாடகைக்கு விடுகிறோம். நீளம் 18 அடி, அகலம் 9 அடி. நடுத்தர அளவுக் கார் தாராளமாக நிற்கும். பெரிய வேன் என்றால் முதலில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள், பிறகு பேசலாம்.

மாத வாடகை 2,500 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள். முன்பணம் 5,000 ரூபாய். விளக்குக்கான மின்கட்டணம் வாடகையில் அடக்கம். மின்சாரக் காரைச் சார்ஜ் செய்யும் அளவுக்கு வயரிங் இல்லை. அதற்கு அனுமதியும் இல்லை.

நுழைவுப்பாதை எங்களுக்கும் பொதுவானது. வீட்டில் உடல்நலம் குன்றிய பெரியவர் இருக்கிறார், ஆம்புலன்ஸ் எந்நேரமும் வரலாம். ஆகவே ஐந்து நிமிடம்கூடப் பாதையை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பெட்ரோல் கேன், எரிவாயு சிலிண்டர் உள்ளே வைக்கக் கூடாது. ஷட்டரை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறித்துவிடும்.

ஒப்பந்தம்

காலம் 11 மாதங்கள், சாவி கைமாறும் நாளிலிருந்து. வாடகைதாரர் தம் பெயரில் பதிவான ஒரு காரை மட்டும் நிறுத்துவார், உள்வாடகைக்கு விடமாட்டார். வண்டிக்கான காப்பீடு அவர் பொறுப்பு. கூரை, ஷட்டர் பழுதை உரிமையாளர் சரிசெய்வார். உரிமையாளரின் கவனக்குறைவால் வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் அவரே ஈடு தருவார். விலக விரும்பும் தரப்பு 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாவிகள் இரண்டும் திரும்பி வந்ததும், சேதச் செலவு இருந்தால் கழித்து, முன்பணம் ஏழு நாளில் திருப்பித் தரப்படும்.